தொழிலுக்கு ஓடும் கார்: கடனா, லீஸா?

கணக்குப் போட்டுப் பார்க்க ஓர் ஆளை வைத்துக்கொள்வோம். மதுரையில் அலுவலகம் வைத்திருக்கும் கட்டடப் பொறியாளர். தேனியில் ஒரு திருமண மண்டபம், திண்டுக்கல்லில் ஒரு நூற்பாலைக் கட்டடம், சிவகங்கையில் இரண்டு வீடுகள் என்று வாரம் முழுக்க சைட்டுகளுக்கு அலைகிறவர். பழைய கார் இனித் தாங்காது. புதிய காருக்கு இரண்டு தாள்கள் அவர் மேசையில் இருக்கின்றன. ஒன்று வங்கி கொடுத்தது: மாதத் தவணை 16,802 ரூபாய், ஐந்து ஆண்டு. இன்னொன்று லீஸ் நிறுவனம் கொடுத்தது: மாத வாடகை 24,500 ரூபாய், அதே ஐந்து ஆண்டு.

இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முடிவு உடனே தெரிந்துவிடும்போல் இருக்கும். கடன்தான் மலிவு என்பார் மனைவி. லீஸ் வாடகை முழுக்கத் தொழில் செலவாக வரவு வைக்கலாம், வரியைக் கழித்தால் அதுதான் மலிவு என்பார் விற்க வந்தவர். இருவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு தொகைகளும் ஒரே பொருளுக்கான விலை அல்ல. அதனால் அவற்றை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது.

கடனில் வாங்கினால் கார் உங்களுடையது. ஆர்சியில் உரிமையாளராக உங்கள் பெயர் இருக்கும். கடன் தீரும்வரை ஹைபாதிகேஷன் என்று வங்கியின் பெயரும் சேர்ந்து நிற்கும். தவணையில் நீங்கள் கட்டுவது காரின் விலையும் வட்டியும் மட்டும்தான். இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர், பேட்டரி எல்லாம் தனி. தவணை முடிந்ததும் ஒரு கார் மிஞ்சும்.

லீஸில் கார் அவர்களுடையது. ஐந்து ஆண்டு முடிவில் அந்தக் காருக்கு என்ன விலை கிடைக்கும் என்று லீஸ் நிறுவனம் முன்கூட்டியே ஒரு தொகையை மதிப்பிடுகிறது. அதற்கு எச்ச மதிப்பு என்று பெயர். இன்றைய விலைக்கும் எச்ச மதிப்புக்கும் இடையே உள்ள சரிவைத்தான் உங்களிடம் வாடகையாக வசூலிக்கிறார்கள்; அதோடு அவர்கள் போட்ட பணத்துக்கு வட்டி, ஜிஎஸ்டி, பெரும்பாலான திட்டங்களில் இன்சூரன்ஸ், பராமரிப்பு எல்லாம் சேரும். முடிவில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். அல்லது எச்ச மதிப்பைக் கட்டி காரை வாங்கிக்கொள்ளலாம், ஒப்பந்தம் அதற்கு இடம் கொடுத்தால்.

சில லீஸ் திட்டங்களில் கார் வாடிக்கையாளர் பெயரிலேயே பதிவாகி வெள்ளை நம்பர் பிளேட்டோடு வரும். சிலவற்றில் நிறுவனத்தின் பெயரில், வாடகைக் கார்களுக்கு உரிய கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தோடு வரும். எதுவானாலும் சாலையில் பொறுப்பு உங்களுடையதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, லீஸ் ஒப்பந்தத்தின் கீழ் வண்டியை யார் கையில் வைத்திருக்கிறாரோ அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். விபத்து நடந்தால் லீஸ் நிறுவனத்தைக் கைகாட்டிவிட முடியாது.

இனி நம் பொறியாளரின் கணக்குக்கு வருவோம். தொகைகள் எடுத்துக்காட்டுக்கு எடுத்தவை. உங்கள் கையில் உள்ள தாளின் தொகைகளை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

காரின் எக்ஸ்-ஷோரூம் விலை 9 லட்சம். தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான காருக்குச் சாலை வரி 13 சதவீதம், அது 1,17,000. முதல் ஆண்டு இன்சூரன்ஸ் 40,000. பதிவுக் கட்டணம் முதலியவற்றையும் சேர்த்து ஆன்-ரோடு விலை 10,60,000 என்று வைத்துக்கொள்வோம். வங்கி 8 லட்சம் தருகிறது, வட்டி 9.5 சதவீதம். கையிலிருந்து 2,60,000 போட வேண்டும். ஐந்து ஆண்டுத் தவணை மொத்தம் 10,08,000. அதில் வட்டி மட்டும் 2,08,000. அடுத்த நான்கு ஆண்டு இன்சூரன்ஸுக்கு 1,20,000. சர்வீஸ், ஒரு செட் டயர், பேட்டரி, பிரேக் வேலை எல்லாம் சேர்த்து ஐந்து ஆண்டில் 1,50,000. ஆக மொத்தம் கையைவிட்டுப் போவது 15,38,000. ஐந்தாம் ஆண்டு முடிவில், ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய அந்தக் கார் 4 லட்சத்துக்குப் போனால், நிகரச் செலவு 11,38,000.

லீஸில் 24,500 வீதம் 60 மாதம்: 14,70,000. இன்சூரன்ஸும் பராமரிப்பும் இதற்குள் அடக்கம். முடிவில் கையில் எதுவும் மிஞ்சாது. பெட்ரோல் செலவு இரண்டுக்கும் ஒன்றுதான், விட்டுவிடலாம்.

வித்தியாசம் 3,32,000. மாதத்துக்குச் சுமார் 5,500 ரூபாய் லீஸ் கூடுதல். ஆனால் இதோடு கணக்கை மூடிவிடக் கூடாது, ஏனென்றால் கடனில் வாங்க முதல் நாளே 2,60,000 ரொக்கம் போட்டிருக்கிறார். கம்பிக்கும் சிமென்ட்டுக்கும் முன்பணம் கொடுக்க அவர் ஓடி கணக்கில் 11 சதவீத வட்டிக்கு எடுத்துக்கொண்டிருப்பவர் என்றால், காருக்குப் போட்ட பணத்தின் அளவுக்கு அந்த ஓடி குறையாமல் நிற்கிறது. ஐந்து ஆண்டில் அதன் வட்டி 1,43,000. இதைக் கடன் பக்கத்தில் ஏற்றினால் வித்தியாசம் 1,89,000 ஆகக் குறைகிறது. பணம் சேமிப்புக் கணக்கில் சும்மா கிடக்கிறவருக்கு இந்தக் கழிவு இவ்வளவு வராது. தொழிலில் பணம் எவ்வளவு இறுக்கமாகச் சுழல்கிறது என்பதைப் பொறுத்து லீஸின் உண்மையான விலை ஆளுக்கு ஆள் மாறும்.

அடுத்தது வரி. லீஸ் விற்பவர்கள் அழுத்திச் சொல்லும் இடம் இதுதான். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே.

கடனில் வாங்கியவர் தொழில் கணக்கில் மாதத் தவணையைச் செலவாக எழுத முடியாது. வட்டியை எழுதலாம், காருக்கு ஆண்டுதோறும் 15 சதவீதம் தேய்மானம் எழுதலாம். முதல் ஆண்டில் கார் 180 நாளுக்குக் குறைவாகத் தொழிலில் ஓடியிருந்தால் பாதித் தேய்மானம்தான். அதனால்தான் செப்டம்பருக்குள் வண்டியை எடுத்துவிடச் சொல்லி ஆடிட்டர்கள் விரட்டுகிறார்கள். ஆண்டுதோறும் மிச்ச மதிப்பின் மேல்தான் 15 சதவீதம் என்பதால் தொகை குறைந்துகொண்டே வரும். நம் காருக்குச் சாலை வரியையும் பதிவுக் கட்டணத்தையும் சேர்த்து அடக்க விலை 10,20,000 என்று கொண்டால், முதல் ஆண்டு 1,53,000, ஐந்தாம் ஆண்டு ஏறக்குறைய 80,000. ஐந்து ஆண்டுத் தேய்மானம் மொத்தம் 5,67,000. வட்டி, இன்சூரன்ஸ், பராமரிப்பு எல்லாம் சேர்த்தால் செலவாக எழுதக்கூடியது 10,85,000.

லீஸ் எடுத்தவருக்குத் தேய்மானம் கிடையாது. கார் யார் பெயரில் பதிவாகியிருந்தாலும், லீஸுக்கு விட்ட நிறுவனமே உரிமையாளர், தேய்மானம் அதற்கே சேரும் என்பதை உச்ச நீதிமன்றம் 2013-இல் ஐசிடிஎஸ் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. லீஸ் எடுத்தவர் வாடகையைச் செலவாக எழுதுகிறார்: 14,70,000. கடனைவிட 3,85,000 அதிகம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போவதற்கும் அதே கார்தானே, அதனால் இரண்டிலும் ஐந்தில் ஒரு பங்கைச் சொந்த உபயோகம் என்று ஒதுக்கிவிடுவோம். 30 சதவீத வரிப் படியில், செஸ் சேர்த்து 31.2 சதவீதம் என்றால், லீஸில் கூடுதலாக மிஞ்சும் வரி சுமார் 96,000 ரூபாய்.

இந்த 96,000 சலுகை என்று தோன்றும். உண்மையில் லீஸில் அதிகம் செலவானதால்தான் அதிகம் கழிகிறது. நூறு ரூபாய் கூடுதலாகச் செலவழித்தால் முப்பத்தொரு ரூபாய் வரி குறையும். மீதி அறுபத்தொன்பது போனது போனதுதான். வித்தியாசம் 1,89,000-லிருந்து 93,000-க்கு வந்திருக்கிறது, மறைந்துவிடவில்லை. கடனில் வாங்கியவருக்கு விற்கும்போது எழுதாத மதிப்பும் கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்பதையும் சேர்த்தால் அது இன்னும் கொஞ்சம் கூடும்.

இந்தக் கணக்கு முழுப் புத்தகம் எழுதி வரி கட்டுகிறவருக்கு. பொறியாளர், மருத்துவர், வழக்கறிஞர் போன்ற பலர் ஊகக் கணக்கு முறையில் வரி கட்டுகிறார்கள்: ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாதபோது 75 லட்சத்துக்குள் இருந்தால், வரவில் பாதியை லாபமாகக் காட்டிவிட்டுப் போகலாம். மீதிப் பாதிக்குள் எல்லாச் செலவும் அடங்கிவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. இவர்களுக்குக் கார் வாடகையும் தேய்மானமும் வட்டியும் தனியாகக் கழியாது. லீஸால் வரி மிச்சம் என்ற பேச்சே இவர்களுக்குப் பொருந்தாது. வித்தியாசம் 1,89,000-இலேயே நிற்கும். இந்த முறையில் வரி கட்டுகிற ஒருவரிடம் "சார், வாடகை முழுக்கக் கழிஞ்சிடும்" என்று யாராவது சொன்னால், முதலில் ஆடிட்டருக்கு ஒரு போன் போட்டுவிடுவது நல்லது.

ஜிஎஸ்டியிலும் இதே மாதிரி ஒரு மயக்கம் உண்டு. லீஸ் பில்லில் ஜிஎஸ்டி தனியாகத் தெரியும். பதிவு பெற்ற தொழில்காரர் அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பார். முடியாது. 13 பேர் வரை அமரும் பயணிகள் வாகனத்துக்கு, வாங்கினாலும் லீஸ் எடுத்தாலும், டாக்ஸி ஓட்டுவது, ஓட்டுநர் பயிற்சி கொடுப்பது போன்ற சில தொழில்களைத் தவிர மற்றவர்களுக்கு அந்த வரவு அடைக்கப்பட்டிருக்கிறது.

இதுவரை பார்த்ததெல்லாம் ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓடினால்தான். தொழிலுக்கு ஓடும் காரில் எல்லாவற்றையும் புரட்டிப்போடுவது இந்த ஓட்டம்தான். லீஸ் தாளில் அது கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும்.

நம் பொறியாளரின் லீஸில் ஆண்டுக்கு 20,000, மொத்தம் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை அனுமதி. அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 8 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 20,000 தாராளம் என்று அவருக்குத் தோன்றுகிறது. ஆனால் மதுரையிலிருந்து தேனிக்கு ஒருமுறை போய்த் திரும்பினாலே ஏறக்குறைய 150 கிலோமீட்டர். மாதம் 25 நாள் வேலை, சராசரி நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர் என்றாலே ஆண்டுக்கு 30,000 ஆகிவிடும். ஐந்து ஆண்டில் அனுமதியைத் தாண்டி ஓடியது 50,000 கிலோமீட்டர். ஒன்றுக்கு 9 ரூபாய் 44 காசு. காரைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் 4,72,000 ரூபாய் பில் வரும். அந்தக் காரின் ரீசேல் விலையைவிட அது அதிகம்.

அதே கூடுதல் ஓட்டம் சொந்தக் காரில் என்ன செய்யும்? ரீசேல் 4 லட்சத்திலிருந்து 3,30,000-க்கு இறங்கலாம். ஐந்து சர்வீஸ் கூடுதலாக வரும், இன்னொரு செட் டயர் போடவேண்டியிருக்கும். அதெல்லாம் ஒரு 65,000. மொத்தத்தில் 1,35,000 இழப்பு. லீஸில் அதே ஓட்டத்துக்கு மூன்றரை மடங்கு தண்டம்.

அதனால் லீஸ் தாளில் கையெழுத்துப் போடுவதற்குமுன் பழைய காரின் சர்வீஸ் பில்களை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பில்லிலும் தேதியும் ஓடோமீட்டர் அளவும் இருக்கும். இரண்டு ஆண்டு இடைவெளியில் உள்ள இரண்டு பில்களை எடுத்துக் கழித்துப் பார்த்தால் உங்கள் ஓட்டம் தெரிந்துவிடும். மனக்கணக்கை நம்பவேண்டாம், சைட்டுக்குப் போனது நினைவிருக்கும், பாதி வழியில் திரும்பி வங்கிக்கும் கார்ப்பரேஷன் அலுவலகத்துக்கும் போனது நினைவிருக்காது. ஓட்டம் அதிகம் என்று தெரிந்தால் ஆரம்பத்திலேயே 30,000-க்கான வாடகையைக் கேளுங்கள். மாத வாடகை கூடும், ஆனாலும் முடிவில் வரும் தண்டத்தைவிட அது குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு. அனுமதியை ஆண்டுவாரியாகப் பார்ப்பார்களா, ஐந்து ஆண்டுக்கும் சேர்த்துப் பார்ப்பார்களா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் சைட் நின்றுபோன ஆண்டில் மிஞ்சியதை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியுமா என்பது அதைப் பொறுத்தது.

ஓட்டத்துக்கு அடுத்தபடி காரின் உடம்பு. கட்டட வேலைக்காரரின் டிக்கியைத் திறந்து பார்த்தால் தெரியும்: டைல்ஸ் சாம்பிள் பெட்டி இடித்துக் கிழிந்த தரைவிரிப்பு, கம்பித் துண்டு கீறிய பக்கச் சுவர், பெயிண்ட் டின் சிந்திய வட்டம், பின் சீட்டில் சிமென்ட் தூசி படிந்த தையல். சொந்தக் காரில் இதெல்லாம் விலையில் ஐந்தாயிரம் பத்தாயிரம் குறைக்கும். லீஸில் இவை ஒவ்வொன்றும் சோதனைத் தாளில் ஒரு வரி. இயல்பான தேய்மானம் எது, சேதம் எது என்று நிறுவனம் ஒரு பட்டியல் வைத்திருக்கும். அதை முதலிலேயே கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவது சாவி, ஜாக்கி, ஸ்டெப்னி, சர்வீஸ் பதிவுகள், எதுவும் தவறிப்போயிருக்கக் கூடாது. வண்டியை எடுத்த நாளில் நான்கு பக்கமும் உள்ளேயும் படம் எடுத்து வைத்துக்கொள்வது பிற்பாடு வாதத்துக்கு உதவும்.

தொழில் இடையில் நின்றால் என்ன ஆகும் என்பதும் முக்கியம். இரண்டு ஆண்டில் பொறியாளர் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார், கார் தேவையில்லை என்று வைத்துக்கொள்வோம். கடனில் அப்போது 5,24,500 பாக்கி இருக்கும். கார் ஆறரை லட்சத்துக்குப் போனால் பாக்கியைக் கட்டி, வங்கி கேட்கும் முன்முடிப்புக் கட்டணத்தையும் கொடுத்துவிட்டு ஒரு லட்சத்தோடு வெளியே வரலாம். லீஸில் இன்னும் 36 மாத வாடகை, அதாவது 8,82,000, ஒப்பந்தப்படி மிச்சம். எல்லாவற்றையும் கேட்கமாட்டார்கள், சில மாத வாடகையோ, புத்தக மதிப்புக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசமோ கேட்பார்கள். எவ்வளவு என்பது ஒப்பந்தத்தின் அந்த ஒரு பத்தியில் இருக்கிறது. "இருபத்துநாலாவது மாதம் திருப்பிக் கொடுத்தால் நான் கட்டவேண்டியது எவ்வளவு?" என்று கேட்டு, பதிலை ரூபாயில் எழுதி வாங்குங்கள்.

இத்தனை சொல்லியும் லீஸ் கூடாது என்று நான் சொல்லவில்லை. மின்சாரக் கார் எடுக்கிறவர் அதைக் கட்டாயம் விலை விசாரிக்க வேண்டும். ஐந்து ஆண்டு கழித்துப் பழைய மின்சாரக் கார் என்ன விலைக்குப் போகும், பேட்டரியின் நிலையை வாங்குகிறவர் எப்படிப் பார்ப்பார் என்பதெல்லாம் இன்னும் சந்தையில் தெளிவாகவில்லை. லீஸில் அந்த இழப்பு நிறுவனத்தின் தலையில். மறுபக்கம், மின்சாரக் காருக்குத் தேய்மானம் 40 சதவீதம். சொந்தமாக வாங்கி முழுப் புத்தகம் எழுதுகிறவருக்கு முதல் ஆண்டுகளிலேயே பெரிய கழிவு கிடைக்கும். இரண்டையும் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

காரை எட்டு ஆண்டு பத்து ஆண்டு ஓட்டுகிற பழக்கம் உள்ளவருக்குக் கடன்தான். தவணை முடிந்தபின் ஓடும் ஆண்டுகளில் இன்சூரன்ஸும் சர்வீஸும் மட்டும்தான் செலவு. லீஸில் அப்படி ஒரு காலமே வராது. கடன் முடிந்த கையோடு வங்கியிடம் என்ஓசியும் படிவம் 35-உம் வாங்கி ஆர்டிஓவில் ஹைபாதிகேஷனை நீக்கிவிட வேண்டும். பீரோவில் வைத்துவிட்டு விற்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் என்ஓசி காலாவதியாகி மறுபடி வங்கிக்கு அலைய வேண்டியிருக்கும்.

லீஸ் பொருந்துவது, கார் எவ்வளவு காலம் தேவை என்பது முன்பே தெரிந்தவருக்கு. நம் பொறியாளருக்கு ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தில் மூன்று ஆண்டு மேற்பார்வை ஒப்பந்தம் கிடைக்கிறது; தினமும் ஒரே சைட், ஓட்டம் ஏறக்குறைய நிலையானது; செலவைக் கட்டணத்தோடு சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். அப்போது 36 மாத லீஸ் நன்றாகப் பொருந்தும். ஒப்பந்தம் முன்கூட்டியே ரத்தானால் காரையும் திருப்பிக் கொடுக்க ஒரு வழி வைத்து, அதற்கான தொகையையும் லீஸ் தாளில் சேர்க்கச் சொல்லிக் கேட்கட்டும். சேர்க்க மறுத்தால் அந்த அபாயத்தையும் அவர் தன் கட்டணத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.